லெமனில் இருக்கிற ‘ம்’ எந்தப் பக்கம்? ஆங்கில சிலபிள் பிரிக்கும் முறை

பெங்களூரு பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் போனிக்ஸ் வீட்டுப்பாடத்தில், சொல்லைச் சிலபிள் சிலபிளாகப் பிரித்துக் கைதட்டச் சொல்வது வழக்கம். டீமன் வரைக்கும் தகராறு இல்லை: டீ, மன், இரண்டு தட்டு. லெமன் வந்ததும் வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பிக்கும். லெ-மன்னா, லெம்-அன்னா? தட்டு இரண்டுதான், ‘ம்’ எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. தீர்ப்புக்கு அகராதியைத் திறந்தால் அங்கேயும் இதே சண்டை:

```
Cambridge          /ˈlem.ən/    /ˈhæp.i/
Merriam-Webster    ˈle-mən      ˈha-pē
```

நடுவே வரும் புள்ளியும் சிறுகோடும்தான் சிலபிள் எல்லை. முன்னது மெய்யை இடப்பக்கம் சேர்க்கிறது, பின்னது வலப்பக்கம். இரண்டில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. ஏன் என்று பார்க்க, சொல்லை நாமே பிரித்துவிடலாம்.

படி 1: எழுத்தை விட்டுவிட்டு ஒலியை எண்ணுங்கள். ஹேப்பியில் இருப்பது நான்கே ஒலி: ஹ், ஒரு குறில், ஒரே ஒரு ப், இ. ஸ்பெல்லிங்கில் ‘பி’ எழுத்து இரண்டு இருப்பதால் ஒலியும் இரண்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அந்தத் தவறு நம் வாய்க்கு ரொம்ப சுலபம். ‘அப்பா’ சொல்லும்போது உதடு மூடி, ஒரு கணம் நின்று, பிறகு திறக்கும். அதே பழக்கத்தில் ஹேப்பிக்கும் ‘ப்ப’ போட்டுவிடுவோம். போதாக்குறைக்கு அந்த உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் ‘ஹே’ என்று நெடிலாகவும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது குறில்.

சந்தேகம் இருந்தால் அகராதியின் ஒலிப்பதிவையும் உங்கள் குரலையும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உதடு மூடியிருக்கும் நேரம் அலைவடிவத்தில் தட்டையான கோடாகத் தெரியும். உங்கள் கோடு கணிசமாக நீளமாக இருந்தால், நீங்கள் இரட்டித்துவிட்டீர்கள். இரட்டித்துச் சொன்னால் ஹேப்-பி என்று தாராளமாகப் பிரிக்கலாம், ஆனால் நீங்கள் பிரித்தது தமிழ் ஒலிப்பைத்தான்.

படி 2: அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். ஹேப்பி, லெமன், டீமன் மூன்றிலும் முதல் உயிரில். அகராதியில் மேலே நிற்கும் சின்னக் கோடு அதைத்தான் சொல்கிறது.

படி 3: அழுத்தம் விழுந்த உயிர் தனியாக நிற்குமா? அதில் முடிகிற ஒரே சிலபிள் சொல் ஆங்கிலத்தில் உண்டா என்று தேடுங்கள். ‘ஈ’யில் முடிபவை எத்தனையோ: டீ, பீ, சீ. ‘லெ’வில் இருக்கும் குறில் ‘எ’யில் முடிகிற சாதாரணச் சொல் கிடைக்காது. `bet`, `bit`, `bat`, `pot`, `cut`, `put` ஆகியவற்றில் வரும் ஆறு குறில்களும் இப்படித்தான். பின்னால் ஒரு மெய் தாங்கினால்தான் அழுத்தத்தோடு நிற்கும். ஆகவே ‘ம்’ இடப்பக்கம் வேண்டும்: லெம்.

படி 4: அந்த மெய்யில் ஆங்கிலச் சொல் தொடங்குமா? மேன், மூன், மில்க் எல்லாம் ‘ம்’மில்தான் தொடங்குகின்றன. இரண்டு உயிருக்கு நடுவே வரும் மெய், அடுத்த சிலபிளின் தொடக்கமாக இருக்க முடியுமென்றால் அங்கேதான் போகும் என்பது பல மொழிகளில் காணும் போக்கு. ஆகவே ‘ம்’ வலப்பக்கமும் வேண்டும்: மன்.

படி 5: இரண்டு விடையையும் ஒப்பிடுங்கள். டீமனில் படி 3 எதுவும் கேட்கவில்லை. ‘ம்’ நிம்மதியாக வலப்பக்கம் போய்விட்டது. லெமனில் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. இப்படி மாட்டிக்கொண்ட மெய்யை இரு சிலபிளுக்கும் பொதுவாக வைப்பதுதான் ஒரு தீர்வு. அதற்கு ஆம்பிசிலபிக் மெய் என்று பெயர். ஒலி ஒன்றுதான், நீளவும் இல்லை. முன்னதை முடித்துவைப்பதும் பின்னதைத் தொடங்கிவைப்பதும் அதே ‘ம்’.

இந்த இழுபறி நமக்குப் புதிதல்ல. ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதேதான். பஸ் + இல் என்பது பஸ்ஸில். ஆனால் கேஸ் + இல் என்பது கேஸில்தான். குறிலைத் தாங்க ஒரு ஒற்று, அடுத்த உயிரோடு சேர ஒரு ஒற்று என்று தமிழ் உண்மையிலேயே இரண்டு ஒற்றாக ஆக்கிவிடுகிறது. ஆங்கிலம் ஒலியை இரட்டிப்பதில்லை. ஹேப்பி போன்ற சொல்லில் எழுத்தை மட்டும் இரட்டிக்கிறது, லெமனில் அதுவும் கிடையாது. யாப்புப்படி அலகிட்டால் இன்னும் வேடிக்கை: டீமன் நேர்நேர், அதாவது தேமா. லெமன் குறிலிணை ஒற்று, ‘மலர்’ மாதிரி ஒரே நிரையசை. யாப்பின் அசையும் ஆங்கில சிலபிளும் ஒன்றல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: திருப்பிச் சொல்லிச் சோதியுங்கள். இரண்டு சிலபிளையும் இடம் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். டீமன் ‘மன்-டீ’ ஆகிவிடும். லெமனுக்கு ‘அன்-லெம்’ என்பவர் உண்டு, ‘மன்-லெம்’ என்று ‘ம்’மை இரண்டு முறை சொல்பவரும் உண்டு. ரெபெக்கா ட்ரீமனும் கேட்டலினா டேனிஸும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைச் சோதனைதான். ஸ்பெல்லிங்கில் எழுத்து இரட்டித்திருந்தால் மெய்யை இரு பக்கமும் சேர்ப்பவர்கள் அதிகம் என்பதும், ல், ம் போன்ற மெய்கள் ப், ட் போன்றவற்றைவிட முன் குறிலோடு அதிகம் ஒட்டுகின்றன என்பதும் அதில் தெரிந்தன. எனவே படிக்கத் தெரிந்தவரைச் சோதிக்கும்போது காதோடு கண்ணும் பதில் சொல்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சண்டை ஏன் ஓயவில்லை? சிலபிளின் எல்லை ஒலிப்பதிவில் எங்கும் தெரிவதில்லை. வேறு தடயங்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும், அந்தத் தடயங்கள் ஒரே திசையைக் காட்டுவதில்லை. டேனியல் கான் 1976-இல் எம்ஐடியில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் அமெரிக்க ‘ட்’ ஒலியைத் தடயமாக எடுத்தார். சிட்டி என்ற சொல்லில் அமெரிக்கர்களின் ‘ட்’ நாக்கு நுனி சட்டென்று தட்டிப் போகும் மென்மையான ஒலி. அட்டாக்கில் அது அழுத்தமான, காற்று வெடிக்கும் ‘ட்’. சிட்டியில் மெய் பொது, அட்டாக்கில் முழுக்க வலப்பக்கம் என்றால் வேறுபாடு விளங்கிவிடுகிறது.

ஆனால் லேட்டர் என்ற சொல்லிலும் அமெரிக்கர்கள் அதே மென்மையான ‘ட்’டைத்தான் சொல்கிறார்கள். அதன் முதல் உயிர் நீளமானது. படி 3-இன்படி அதற்குத் தாங்கல் தேவையே இல்லை. உயிரை நம்பினால் லேட்டரில் பொது மெய் கிடையாது, ‘ட்’டை நம்பினால் உண்டு. பொது மெய் என்ற கருத்தே வேண்டாம், அழுத்தமுள்ள சிலபிளோடு மெய்யைச் சேர்த்தால் போதும் என்று 1990-இல் வாதிட்டவர் ஒலியியலாளர் ஜே.சி. வெல்ஸ். அவர் கணக்கில் டீமனின் ‘ம்’மும் இடப்பக்கம் போய்விடும்! கேம்பிரிட்ஜ் அந்த அளவுக்குப் போகவில்லை, அங்கே அது `/ˈdiː.mən/` தான்.

வீட்டுப்பாடத்துக்கு என்ன எழுதுவது? போனிக்ஸ் பாடம் கேட்பது பெரும்பாலும் ஸ்பெல்லிங்கைப் பிரிப்பதை: `hap-py`, `lem-on`, `de-mon`. மெரியம்-வெப்ஸ்டரில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்து `lem·on` என்று இருப்பதும் இந்தக் கணக்குதான். வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறி அது, உச்சரிப்புக்கு அல்ல. அதனால்தான் ஒரே பக்கத்தில் தலைச்சொல் `lem·on` என்றும் உச்சரிப்பு `ˈle-mən` என்றும் நிற்கிறது. உச்சரிப்புப் பயிற்சியில் இதே கேள்வி வந்தால் எல்லைக்கோட்டை விட்டுவிட்டு இரண்டை மட்டும் கவனியுங்கள்: உயிர் குறிலா, மெய் இரட்டிக்காமல் இருக்கிறதா.