உடம்பு சரியில்லையா? செமினாரைத் தள்ளிவைக்க இப்படிக் கேளுங்கள்

செவ்வாய் காலை செமினார், திங்கள் மதியமே காய்ச்சல் என்றால் விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆசிரியருக்குப் பெரிய சிக்கல், வகுப்பில் காலியாகும் உங்கள் நேரம்தான். அதனால் முதலில் வெள்ளிக்கிழமை பேச இருப்பவரிடம் நாள் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவர் சம்மதித்ததும் அன்றே எழுதிவிடுங்கள்:

"வணக்கம் ஐயா. நாளை 10 மணிக்கு என் செமினார். இன்று மதியம் முதல் காய்ச்சல், தொண்டை கட்டிப் பேச முடியவில்லை. வெள்ளிக்கிழமை பேச இருந்த மாணவி நாளை பேசச் சம்மதித்திருக்கிறார். நீங்கள் அனுமதித்தால் நான் வெள்ளியன்று பேசுகிறேன். ஸ்லைடுகளை இணைத்துள்ளேன்."

ஸ்லைடுகளை அனுப்புவது முக்கியம். வேலை முடியாமல் சாக்குச் சொல்கிறீர்களோ என்ற சந்தேகம் அங்கேயே நின்றுவிடும். பாதிதான் முடிந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நோயைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மறுநாளே, அதாவது புதன்கிழமையே பேசுகிறேன் என்றும் கேட்காதீர்கள். காய்ச்சல் விடாவிட்டால் இரண்டாம் முறை கேட்க வேண்டிவரும், அது தர்மசங்கடம்.

செமினாருக்கு மதிப்பெண் உண்டென்றால், ஆசிரியர் வாய்மொழியாகச் சரி சொன்னாலும் புதிய தேதியைக் குறிப்பிட்டு ஒரு நன்றி மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். காலைவரை பதிலே வரவில்லையென்றால் துறை அலுவலகத்துக்கு அழைத்துத் தகவல் சொல்லிவிடுங்கள்.