மருந்துச் சீட்டை எண்ணுவது எப்படி: ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு மருந்துப் பயன்பாட்டு ஆய்வு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கும்போது இந்த ஆய்வைச் செய்தேன். முதல் முறை தப்பாகச் செய்து, மூன்று வாரம் எடுத்த தரவைத் தூக்கிப் போட்டேன். அந்தத் தப்பைத்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன். நெறிமுறைக் குழு அனுமதி வாங்குவது, நோயாளி பெயரை எடுக்காமல் எண் மட்டும் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 1993ல் வெளியிட்ட கையேட்டில் மருந்து எழுதும் பழக்கத்தை அளக்க ஐந்து குறியீடுகள் இருக்கின்றன: ஒரு சந்திப்புக்கு, அதாவது நோயாளி ஒரு முறை டாக்டரைப் பார்ப்பதற்கு, சராசரியாக எத்தனை மருந்து, பொதுப்பெயரில் எழுதியவை எத்தனை சதவீதம், ஆன்டிபயாடிக் எழுதிய சந்திப்பு எத்தனை சதவீதம், ஊசி எழுதிய சந்திப்பு எத்தனை சதவீதம், அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை எத்தனை சதவீதம். இவை ஓ.பி. நோயாளிகளுக்கு உருவானவை. வார்டில் படுத்திருப்பவரின் மருந்து அட்டைக்கு இதைப் போட்டால் எண் வரும், ஆனால் அதற்கு அர்த்தம் இருக்காது.

முதலில், எந்தக் காகிதம்?

நான் விழுந்தது இங்கேதான். பில்லிங் மென்பொருளில் ஒரு வருட பில் அப்படியே இருக்கிறது, எக்செல்லில் இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கவுன்டரில் இருந்த சேச்சியிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "தம்பி, பில்லுல நம்ம ரேக்ல இருக்கிற பிராண்டுதானே வரும், டாக்டர் என்ன எழுதினாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னதுதான் சரி. டாக்டர் பாராசிட்டமால் என்று எழுதியிருப்பார், பில்லில் ஏதோ ஒரு கம்பெனி பெயர் இருக்கும். பொதுப்பெயர்க் குறியீடு அங்கேயே செத்துவிடும். ஐந்து மருந்து எழுதிய சீட்டில் மூன்று மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைப் பொள்ளாச்சியில் வாங்கிக்கொள்கிறேன் என்று போகிறவர்கள் நிறையப் பேர். அதனால் சராசரியும் குறைந்துவிடும். ஒரே சீட்டுக்குக் காலையில் ஒரு பில், சாயங்காலம் ஒரு பில் வந்தால் ஒரு சந்திப்பு இரண்டாகிவிடும். பில் சொல்வது என்ன விற்றது என்பதை. நமக்கு வேண்டியது என்ன எழுதினார்கள் என்பது.

எங்கள் ஊரில் ஓ.பி. சீட்டை நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். ஆகவே பழைய சீட்டுகளைத் தேடுவதை விட்டுவிட்டு, கவுன்டருக்கு வரும் சீட்டை, பெயர் இருக்கும் மேல்பகுதியை ஒரு அட்டையால் மூடிப் படம் எடுக்க ஆரம்பித்தோம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மருந்தகத்துக்கே வராமல் போகிறவர்களின் சீட்டு நமக்குக் கிடைக்காது. அதை மறைக்காமல் வரம்புகள் பகுதியில் எழுதிவிடுங்கள்.

எத்தனை சீட்டு?

ஒரே ஆஸ்பத்திரி என்றால் குறைந்தது 100 சந்திப்பு என்பார்கள். பல நிலையங்களை ஒப்பிடும்போது மொத்தம் 600. நான் ஒரே இடத்துக்கே 600 எடுத்தேன், மாதம் 50 வீதம் பன்னிரண்டு மாதம். பிடிவாதம்தான், ஆனால் காரணம் உண்டு: ஜூன், ஜூலையில் மழை பிடித்ததும் இங்கே காய்ச்சலும் இருமலும் குவியும். அந்த மாதத்தை மட்டும் எடுத்தால் ஆன்டிபயாடிக் சதவீதம் ஏறிவிடும், அது வருடத்தின் கதை ஆகாது.

வகுத்தியைக் கவனியுங்கள்

சின்ன உதாரணமாக ஐந்து சீட்டை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் பாராசிட்டமால், செட்ரிசின். இரண்டாவதில் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் கூட்டு மாத்திரை பிராண்டு பெயரில், கூடவே பான்டோபிரசோல், பாராசிட்டமால். மூன்றாவதில் டைக்ளோஃபெனாக் ஊசி, பான்டோபிரசோல், பிராண்டு பெயரில் ஒரு கால்சியம். நான்காவது சர்க்கரை நோயாளி: மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின், ஆஸ்பிரின். ஐந்தாவதில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, அசித்ரோமைசின் இரண்டும் பிராண்டு பெயரில், அப்புறம் ஓ.ஆர்.எஸ்.

கூட்டு மாத்திரை ஒரே மருந்துதான். ஆக மொத்தம் 15 மருந்து, ஐந்து சந்திப்பு, சராசரி 3. பொதுப்பெயரில் 11, அதாவது 15க்கு 11, 73.3 சதவீதம். இங்கே வகுத்தி மருந்து.

ஆன்டிபயாடிக்குக்கு வகுத்தி சந்திப்பு. ஐந்தாவது சீட்டில் இரண்டு ஆன்டிபயாடிக் இருந்தாலும் அது ஒரே சந்திப்பு. ஆக 5க்கு 2, 40 சதவீதம். நான் முதல் தடவை ஆன்டிபயாடிக்குகளை எண்ணி மொத்த மருந்தால் வகுத்தேன். இந்த ஐந்து சீட்டிலேயே அப்படிச் செய்து பாருங்கள்: 15க்கு 3, 20 சதவீதம். எல்லாரும் மேற்கோள் காட்டும் 20.0 முதல் 26.8 சதவீதம் என்ற வரம்புக்குள் அழகாக உட்கார்ந்துவிடும்! அதனால்தான் இந்தத் தப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. ஊசியும் அப்படியே, 5க்கு 2 என்பதுதான் சரி. தடுப்பூசியை ஊசியாக எண்ணக் கூடாது.

உங்கள் தரவில் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: ஆன்டிபயாடிக் சதவீதத்தை மொத்தச் சந்திப்பு எண்ணால் பெருக்கி நூறால் வகுங்கள். முழு எண் வரவில்லை என்றால், சதவீதத்தைச் சுருக்கியதால் வரும் சின்ன வித்தியாசம் தவிர, வகுத்தி தப்பு. முழு எண் வந்துவிட்டாலே சரி என்று ஆகிவிடாது, மேலே உள்ள 20 சதவீதமும் முழு எண்தான் தரும்.

தாளை எப்படிப் போடுவது

மருந்து1, மருந்து2 என்று குறுக்கே போகும் தாள் எனக்குப் பிடிக்காது, எட்டாவது மருந்து வந்ததும் திண்டாடுவீர்கள். இரண்டு தாள் போடுங்கள். `drugs` தாளில் ஒரு மருந்துக்கு ஒரு வரி, A பத்தியில் சந்திப்பு எண், E பத்தியில் ஆன்டிபயாடிக்கா என்பதற்கு Y அல்லது N. இன்னொன்றில் ஒரு சந்திப்புக்கு ஒரு வரி, A பத்தியில் அதே எண், C பத்தியில் இது:

```
=IF(COUNTIFS(drugs!A:A,A2,drugs!E:E,"Y")>0,1,0)
```

அந்தப் பத்தியின் சராசரியை நூறால் பெருக்கினால் அதுதான் உங்கள் விடை. எக்செல், லிப்ரே ஆபீஸ் எதுவானாலும் சரி, லிப்ரே ஆபீஸில் மட்டும் தாள் பெயருக்குப் பின் ஆச்சரியக்குறிக்குப் பதிலாகப் புள்ளி வையுங்கள். இந்த அளவு வேலைக்குப் புள்ளியியல் மென்பொருள் வாங்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

செய்முறைப் பகுதியில் எழுத வேண்டியது

"ஐந்து குறியீடுகளைக் கணக்கிட்டோம்" என்று ஒரு வரியோடு முடிப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் தொகுதி என்ன, வகுத்தி என்ன என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், எதை ஆன்டிபயாடிக் என்றீர்கள் என்பது. ஏ.டி.சி. வகைப்பாட்டில் J01 மட்டும் எடுத்தால் மெட்ரோனிடசோல் ஊசி உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும், ஏனென்றால் மாத்திரை P01AB01ல் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் கண் சொட்டு மருந்தும் S01ல் போய்விடும். நான் மூன்றையும் சேர்த்தேன், சேர்த்ததாக எழுதினேன். நீங்கள் சேர்க்காமலும் விடலாம், ஆனால் தரவைப் பார்ப்பதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

அத்தியாவசியப் பட்டியலிலும் இதே சிக்கல். 2022ன் தேசியப் பட்டியலில் 384 மருந்துகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வடிவமும் வீரியமும் குறித்திருக்கிறார்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதுமா, வீரியமும் பொருந்த வேண்டுமா? இரண்டு விதத்திலும் சதவீதம் மாறும். எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எப்படிப் பொருத்தினீர்கள் என்று மூன்றையும் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: மாதம் 50 சீட்டை எப்படிப் பொறுக்குவது என்று ஒரு வாசகர் கருத்தில் கேட்ட பிறகுதான் இது எனக்கே உறைத்தது. மாதம் சுமார் 3,000 சீட்டு வருகிறது, 50 வேண்டும் என்றால் வரிசையில் 60க்கு ஒன்று எடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாளைக்குச் சரியாக 120 சீட்டு வரும் இடத்தில், தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே டாக்டரின் சீட்டாகவே விழும். அப்படிப்பட்ட இடத்தில் இடைவெளியை 61 ஆக்கி, தொடக்க எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.