வீல் உத்தி: அடக்க விலையைக் கணக்கு வைப்பது எப்படி?

வீல் என்பது ஒரு ஆப்ஷன் உத்தி. ஸ்ட்ரைக் எனும் குறித்த விலைக்குப் பங்கை நம்மிடம் விற்கும் உரிமைதான் புட்; நம்மிடமிருந்து வாங்கும் உரிமைதான் கால். புட் விற்று, பங்கு கைக்கு வந்தால் அதன் மேல் கால் விற்று, பங்கு கைவிட்டுப் போனதும் மறுபடி புட் விற்பதுதான் வீல். பலர் சறுக்குவது கணக்கில்தான். அமெரிக்கச் சந்தையில் ஒரு கான்ட்ராக்ட் என்றால் 100 பங்கு. அதை வைத்தே பார்ப்போம்.

முதல் படி, புட் விற்பது. பங்கு 52 டாலரில் இருக்கிறது. 50 ஸ்ட்ரைக் புட்டை 1.50க்கு விற்கிறீர்கள். 150 டாலர் பிரீமியம் வரவு. பங்கை வாங்க வேண்டி வந்தால் கொடுக்க 5,000 டாலரை ஒதுக்கி வையுங்கள். பங்கு ஏறி புட் காலாவதியானால் 150 லாபம், மறுபடி விற்கலாம்.

பங்கு 46க்கு இறங்கி, 100 பங்கும் 50 விலையில் உங்கள் தலையில் விழுந்தது என்று வைப்போம். அடக்க விலை 50 அல்ல, 48.50. புட் பிரீமியங்களில், அந்தப் பங்கைக் கொண்டுவந்த புட்டினுடையதை மட்டும் கழியுங்கள்.

அடுத்தது கால். 49 ஸ்ட்ரைக்கை 0.80க்கு விற்கிறீர்கள். காலாவதியாகிறது, இந்தப் பிரீமியத்தையும் கழித்தால் அடக்கம் 47.70. பங்கு இப்போது 45. இங்கேதான் கை பரபரக்கும்: 47 ஸ்ட்ரைக் 0.70 தருகிறது, 49 ஸ்ட்ரைக் வெறும் 0.20. ஆனால் 47ஐ விற்று, பங்கும் ஏறிப் போய்விட்டால் அடக்கம் 47.00, விற்ற விலையும் 47. இத்தனை நாள் உழைப்புக்கு மிச்சம் பூஜ்யம். ஆகவே 0.20 போதும் என்று 49ஐயே விற்கிறோம். பங்கு 50க்கு ஏறி, 49க்குக் கைமாறுகிறது.

```
50 - 1.50 - 0.80 - 0.20 = 47.50
(49 - 47.50) x 100 = 150
```

கமிஷன் இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இந்த 150ஐ லாபப் பத்தியில் எழுதி, சுற்றுக்குக் கீழே கோடு போட்டுவிடுங்கள்.

சரி, இரண்டாம் சுற்று. மறுபடி 50 புட், 1.20 பிரீமியம், மறுபடி பங்கு வந்துவிட்டது. அடக்கம் 48.80. போன சுற்றின் 1.50 லாபத்தையும் கழித்து 47.30 என்று எழுதினால், ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். அதை நம்பி 48 கால் ஒன்றை 0.50க்கு விற்று, பங்கும் போய்விட்டால் ஏட்டில் 120 டாலர் லாபம் தெரியும். உண்மையில் இந்தச் சுற்றில் 30 டாலர் நஷ்டம்.

இன்னொன்று: புரோக்கர் திரையில் வரும் அடக்க விலை உங்கள் ஏட்டோடு ஒத்துப்போகாது. அமெரிக்க வரி விதிப்படி புட் பிரீமியம் பங்கின் அடக்கத்தைக் குறைக்கும். ஆனால் காலாவதியான காலின் பிரீமியம் தனி லாபம், பங்கின் அடக்கத்தைத் தொடாது. மேலே முதல் காலுக்குப் பிறகு திரையில் 48.50தான் நிற்கும், உங்கள் ஏட்டில் 47.70. ஸ்ட்ரைக் தேர்வுக்கு ஏட்டைப் பாருங்கள், வரிக்குத் திரையை.