பிரேக் விளக்கு எரிகிறதா? ஆயில் ஊற்றும் முன் இதைப் பாருங்கள்

கார் டேஷ்போர்டில் சிவப்பு வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் அது எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். பெரும்பாலான கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். சாவியைத் திருப்பியதும் சில விநாடி எரிந்து அணைவது பல்ப் சோதனை, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது எரிந்தால், ஓரமாக நிறுத்தி முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள். வழக்கம்போல் கெட்டியாக நின்றால் நிதானமாகக் காரணம் தேடலாம். பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, மிதித்தபடியே இருக்கையில் மெல்லக் கீழே இறங்கினாலோ அதற்கு மேல் ஓட்டக்கூடாது, இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். கூடவே மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் அது பெரும்பாலும் வேறு கோளாறு. அதையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் ஹேண்ட்பிரேக்

சமதளத்தில், பெடலில் கால் வைத்துக்கொண்டு லீவரை நன்றாக மேலே இழுத்து, பிறகு முழுவதுமாகக் கீழே இறக்குங்கள். ஒரு கிளிக் மேலே நின்றாலே விளக்கு எரியும். இறக்கியதும் அணைந்தால் விஷயம் முடிந்தது. இறக்கியும் எரிந்து, லீவரைக் கையால் இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தும்போது மட்டும் அணைகிறதா? அப்படியானால் லீவரின் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் பெரும்பாலும் காரணம். லீவருக்குப் பதில் பட்டன் உள்ள வண்டிகளில் இந்தச் சோதனை செல்லாது.

அடுத்து ஆயில் டப்பா

பானட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம் பின்சுவரை ஒட்டி மங்கலான வெள்ளை பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதன் மேல் இரண்டு கோடுகள் இருக்கும். வெளியிலிருந்தே அளவு தெரியும், மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கியதும் அதுதான் விளக்கை எரியவைக்கிறது.

அளவு குறைந்திருந்தால் நம் கை நேராக ஆயில் பாட்டிலைத்தான் தேடும். அங்கேதான் நானும் சறுக்கினேன். வளைவில் திரும்பும்போது மட்டும் விளக்கு மின்னி மறைந்தது. நேர்ச்சாலையில் ஒன்றுமில்லை. ஹேண்ட்பிரேக் சுவிட்ச் என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தது. திரும்பும்போது அது ஒரு பக்கம் சாய, மிதவையும் கூடவே இறங்கியிருக்கிறது. மேல்கோடு வரை ஊற்றினேன், விளக்கு அணைந்தது, நிம்மதியாக இருந்துவிட்டேன். சில நாளில் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்து தீரும் நிலையில் இருந்தது. மெக்கானிக் புது பேட் போட, பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியதும், நான் ஊற்றிய ஆயில் டப்பாவிலிருந்து வழிந்தது. அது பெயின்ட்டை அரிக்கும் என்பதால் அவசரமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம்.

நடந்தது இதுதான். பேட் தேயத் தேய, டிஸ்க்கைத் தொட பிஸ்டன் இன்னும் வெளியே வர வேண்டும். அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவிலுள்ள ஆயில் போய் நிரப்புகிறது. ஒரு சொட்டுகூட ஒழுகாமலே மட்டம் இறங்குவது இப்படித்தான்.

பேட்டா, ஒழுகலா?

சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்து, டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் பேட்டைப் பாருங்கள். பின்னாலுள்ள இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, தேயும் பகுதியை மட்டும் கணக்கிடுங்கள். புதியது 10 மி.மீ. அளவில் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். உள்பக்க பேட் சில சமயம் வெளிப்பக்கத்தைவிட வேகமாகத் தேயும், அதனால் வெளியே பார்த்ததை மட்டும் நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட் மெலிந்து, ஆயில் பல மாதமாக மெல்ல இறங்கியிருந்தால் காரணம் தேய்மானம்தான். பேட் மாற்றியதும் மட்டம் பெரும்பாலும் தானாகவே மேலே வந்துவிடும். பேட் தடிமனாக இருந்தும் ஆயில் குறைந்தால், அல்லது சில நாளிலேயே மளமளவென்று இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது. சக்கரங்களின் உள்பக்கத்திலும், டிரைவர் காலடியில் பெடலுக்கு மேலேயும் ஈரம் தெரிகிறதா பாருங்கள். மேனுவல் கியர் வண்டிகள் பலவற்றில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் என்பதால், கிளட்ச் பெடல் பக்கமும் ஒரு பார்வை. ஒழுகல் என்று தெரிந்தால் ஊற்றி ஓட்டாதீர்கள்.

ஆயில் ஊற்றத்தான் வேண்டும் என்றால், டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையை, அதுவும் சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.