பலமான ஆட்டக்காரருக்கு எதிரே: கூர்மையான நகர்வா, பாதுகாப்பான நகர்வா?

எலோ தரமதிப்பீட்டில் தன்னைவிட 400 புள்ளிகள் கூடிய ஒருவருடன் சதுரங்கம் ஆட அமரும்போது நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, காய்களை வெட்டிக் குறைத்துவிட்டால் சமநிலை கிடைத்துவிடும் என்று நம்புவதுதான். உண்மையில் பலமானவரின் மேன்மை அதிகம் வெளிப்படுவது ஆரவாரமில்லாத இறுதியாட்டத்திலேயே. அங்கே நாம் 30 நகர்வுகள் தொடர்ந்து சரியாக ஆட வேண்டும். அவரோ ஒரு சிறு பிழைக்காகப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் ஞாயிறு பிற்பகல்களில் ஆடுகிறோம். அங்கே என்னைவிட வெகு பலமான ஒருவருக்கு எதிராக நான் வெள்ளைக் காய்களுடன் ஆடிய பிரெஞ்சுத் தற்காப்பு இப்படி வந்தது:

```
1.e4 e6 2.d4 d5 3.Nc3 Nf6 4.e5 Nfd7
5.Nf3 c5 6.dxc5 Nc6 7.Bf4 Bxc5 8.Bd3 O-O
```

இங்கே 9.Bxh7+ என்ற பிஷப் பலி என் கண்ணில் பட்டது. ஆனால் "இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இதைப் பார்க்காமலா காஸ்லிங் செய்திருப்பார்?" என்று எண்ணி, நானும் 9.O-O என்று காஸ்லிங் செய்துகொண்டேன். அவர் f6 என்று என் மையத்தை உடைத்தார், காய்கள் வரிசையாக வெட்டுப்பட்டன, 52ஆவது நகர்வில் ரூக் இறுதியாட்டம் ஒன்றில் தோற்றேன். பலகையில் இருப்பதைக் கணக்கிடாமல் எதிராளியின் பெயரைக் கணக்கிட்டதே என் தவறு. பலமானவர்களும் பழக்கத்தினால் காஸ்லிங் செய்வதுண்டு.

பலியைச் சோதிக்கும் முறை கடினமானதன்று. 9...Kxh7 10.Ng5+ என்ற பின் அரசன் செல்லக்கூடிய கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். Kh6 என்றால், f4-இல் உள்ள பிஷப்பின் வழியைத் திறந்துகொண்டு குதிரை Nxe6+ என்று பாய்ந்து ராணியையும் தாக்கும். Kg8 என்றால் 11.Qh5, h7-இல் உடனடி செக்மேட் மிரட்டல். கறுப்பு ரூக்கை e8-க்கு விலக்கினாலும் Qxf7+ Kh8, Qh5+ Kg8, Qh7+ Kf8, Qh8+ Ke7, Qxg7 என்று செக்மேட் வந்துவிடுகிறது. கடினமான பதில் Kg6 மட்டுமே. அதற்கு Qg4 அல்லது Qd3+ என்று தொடர்ந்து, எங்கே போய் முடிகிறது என்பதை, பிஷப்பைத் தொடுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பலிகள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கிளையைப் பார்க்காமல் விடுவதால்தான்.

இப்போது ஒரு சிறு மாற்றம். இதே அமைப்பில் கறுப்பு ரூக் ஏற்கெனவே e8-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது Qh5-க்கு Nf8 என்று குதிரை வந்து h7-ஐக் காத்துவிடும், செக்மேட் இல்லை. பலி தோற்றுவிட்டது என்று பலரும் இங்கே கைவிடுவார்கள். ஆனால் Qxf7+ Kh8, Qh5+ என்றதும் அரசன் g8-க்கே திரும்ப வேண்டும், ஏனெனில் குதிரையை h7-இல் குறுக்கே வைத்தால் Qxh7 செக்மேட். மறுபடி Qf7+, மறுபடி Kh8. இப்படி இடைவிடாமல் செக் கொடுப்பதால் ஆட்டம் சமநிலையில் முடியும். கறுப்பு குதிரையால் e5 சிப்பாயை எடுத்தும் தற்காக்கலாம் என்பதால் அந்தக் கிளையையும் தனியே கணக்கிட வேண்டும், சமநிலை இலவசமாகக் கிடைப்பதில்லை.

கூர்மையான நகர்வைத் தேர்வு செய்யும்போது, "வெல்லுமா?" என்ற கேள்வியோடு "பலிக்காவிட்டால் சமநிலைக்காவது வழி இருக்கிறதா?" என்பதையும் கேட்பது இதனால்தான் பயனுள்ளது. சமமானவருக்கு எதிரே இந்த இரண்டாவது கேள்விக்கு அத்தனை மதிப்பில்லை. 400 புள்ளி வேறுபாட்டிலோ, எலோ கணக்குப்படி பலவீனமானவர் ஓர் ஆட்டத்தில் எதிர்பார்க்கக்கூடியது ஏறத்தாழ 0.09 புள்ளியே. ஆகவே, ஓர் ஆட்டத்தால் தரப்புள்ளி எவ்வளவு மாறும் என்பதை நிர்ணயிக்கும் K-காரணி 20 உள்ளவர் தோற்றால் சுமார் 2 தரப்புள்ளிகளே இழப்பார், சமன் செய்தால் சுமார் 8 தரப்புள்ளிகள் பெறுவார்.

இந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் தவறாகப் பயன்படுகிறது. இழக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு கிளையையும் பார்க்காமல் காயை எறிபவர்களை நாங்கள் வாரந்தோறும் காண்கிறோம். அவர்கள் 12ஆவது நகர்விலேயே ஒரு பிஷப் குறைவாக இருப்பார்கள். என் வழக்கம் எளிது: பலிக்குப் பிறகு எதிராளியின் ஒவ்வொரு கட்டாய பதிலுக்கும் என்னிடம் அடுத்த செக்கோ, மிரட்டலோ ஒன்று பெயர் சொல்லும்படி இருக்க வேண்டும். ஒரு கிளையில் "பிறகு ஏதாவது வரும்" என்றுதான் சொல்ல முடிகிறதென்றால், பிஷப்பை அன்று d3-இலேயே விட்டுவைத்து, காய்களை வெட்டாமல், பதற்றம் குறையாத வேறொரு நகர்வைத் தேடுகிறேன்.