சனிக்கிழமை அரை நாளில் மாட்டிய ஓவர்டைம் கணக்கு

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஓவர்டைம் குறைகிறது என்று பாய்லர்காரர் அண்ணன் சொன்னதும் மூன்று நாள் தேடினேன். சம்பளம் 14,300. பழைய ஷீட்டில் அதை 26 நாள் × 8 மணி, அதாவது 208-ஆல் வகுத்து, 68.75 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். பஞ்சிங் மெஷினைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் வீண், அதில் பிழையே இல்லை.

அப்புறம்தான் உறைத்தது, சனிக்கிழமை 12 மணிக்கே சங்கு ஊதிவிடுகிறதே, அந்த 4 மணியை 8 என்று எண்ணியிருக்கிறார்கள்.

சரி, அந்தந்த மாதத்து உண்மையான மணியை எண்ணலாம் என்று பார்த்தால் 28 நாள் பிப்ரவரியில் 176 மணி, ரேட் 81.25, சில 31 நாள் மாதங்களில் 200 மணி, ரேட் 71.50. அதே வேலைக்கு மாதம் ஒரு ரேட் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கடைசியில் வாரத்தைப் பிடித்தேன். திங்கள் முதல் வெள்ளி 40, சனி 4, மொத்தம் 44 மணி.

```
=14300/(44*52/12)
```

மாதம் 190.67 மணி, ரேட் சரியாக 75. ஓவர்டைம் இரட்டிப்பு என்பதால் 150. அண்ணனின் 20 மணிக்கு 2,750 போய் 3,000 வந்தது. வகுக்கும் எண்ணை மட்டும் முழுதாக்கி 191 என்று போடாதீர்கள், 75 வராது. நிம்மதியாக இருக்கிறது.