பட்டு நூல் வளையலுக்கு என்ன விலை வைப்பது?

ஒரு செட் பட்டு நூல் வளையலுக்கு வளையம், நூல், கல், பசை எல்லாம் சேர்த்து 70 ரூபாய், இரண்டு மணி நேர வேலைக்குக் கூலி 130 என்று வைத்துக்கொள்வோம். இந்த 200 ரூபாய் நீங்கள் இறங்கக் கூடாத அடிமட்டம், அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு என்பதை வாங்குபவரின் தேவைதான் சொல்லும்.

சிவப்பு, பச்சை செட் எல்லோரிடமும் கிடைக்கும். 250 தாண்டினால் யோசிப்பார்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம் அவருடைய நிச்சயதார்த்தப் புடவையின் ஜாக்கெட் துண்டை வாங்கி, நூலைப் பகல் வெளிச்சத்தில் ஒட்டிப் பார்த்து, அதே கலரில் சொன்ன தேதிக்கு முன்பே கொடுத்தால் 450 கேட்கலாம். உங்கள் செலவு ஏறக்குறைய அதேதான். அவருக்கோ கடை கடையாக அலைவது மிச்சம். பேரம் வந்தால் கல் என்ன விலை என்று விளக்க வேண்டாம். துணியோடு வைத்து எடுத்த போட்டோவை அனுப்புங்கள்.

கேட்பவர்கள் எல்லோரும் மறுபேச்சில்லாமல் வாங்குகிறார்களா? விலை குறைவு. அடுத்த ஆர்டரில் 50 ஏற்றிப் பாருங்கள்.

தாம்பூலப் பைக்கு 100 ஜோடி கேட்பவரிடம் மட்டும் இது எடுபடாது. பைக்கு இவ்வளவு என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். முதலில் அதைக் கேட்டுவிட்டு, அப்புறம் கல் இல்லாத எளிய டிசைனைக் காட்டுங்கள்.